நெட் மீட்டரிங் பில்லை எப்படிக் கணக்குப் பார்ப்பது, விண்ணப்பிக்க முன் எவற்றைக் கேட்டு வைப்பது: கொழும்பு வீடுகளுக்கான வழிகாட்டி

"தம்பி, போனிலை 330 எண்டு காட்டுது. பில்லிலை 210 தான் கிடக்கு. மிச்சம் எங்க போனது?"

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அன்ரி, கூரையில் சோலார் பூட்டி முதல் பில் வந்த அன்று என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒரு கையில் பில், மறு கையில் இன்வேர்ட்டர் ஆப் திறந்த போன். 120 அலகு களவு போய்விட்டது என்றே அவர் நினைத்திருந்தார். ஒன்றும் போகவில்லை. அந்த 120 அலகும் பகலில் அவருடைய வீட்டு ஃப்ரிட்ஜிலும் மின்விசிறியிலும் தண்ணீர் மோட்டரிலும் ஓடி முடிந்தவை. அவை மீட்டர் வரைக்கும் போகவே இல்லை.

கூரையிலிருந்து வெளியே அனுப்பும் அலகுகளை, வெளியிலிருந்து எடுக்கும் அலகுகளில் கழித்துப் பில் போடும் முறைதான் நெட் மீட்டரிங். அது பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதனால் மீட்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பில் கணக்கு விளங்கிவிட்டால், எத்தனை கிலோவாட் போடுவது, எந்தத் திட்டத்தில் சேருவது, அலுவலகத்தில் என்ன கேட்பது என்பதெல்லாம் அதிலிருந்தே வரும்.

மீட்டரில் இரண்டு எண்கள்

சோலார் இணைப்புக் கிடைத்ததும் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு இருவழி மீட்டர் பூட்டுவார்கள். அது இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கும். ஒன்று, வெளிக் கம்பியிலிருந்து வீட்டுக்குள் வந்த அலகுகள், அதாவது இறக்குமதி. மற்றது, வீட்டிலிருந்து வெளிக் கம்பிக்குப் போன அலகுகள், அதாவது ஏற்றுமதி. திரையில் எண்கள் மாறி மாறி வரும்போது பக்கத்தில் சின்னதாக ஒரு குறியீடும் தெரியும். பெரும்பாலான மீட்டர்களில் அது இப்படி இருக்கும்:

```
1.8.0   இறக்குமதி
2.8.0   ஏற்றுமதி
```

இரண்டுமே கூடிக்கொண்டே போகும் எண்கள். இந்த மாத வாசிப்பிலிருந்து போன மாத வாசிப்பைக் கழித்தால் அந்த மாதத்தின் அலகுகள் கிடைக்கும்.

கூரையில் உற்பத்தியான மொத்த மின்சாரம் இந்த மீட்டருக்குத் தெரியாது. அது இன்வேர்ட்டருக்கு மட்டுமே தெரிந்த எண். உற்பத்தியாகும் நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறதோ அதற்குப் போனது போக, மீதிதான் மீட்டரைத் தாண்டி வெளியே போகிறது. ஆகவே ஆப்பில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள ஏற்றுமதி எண்ணும் ஒருபோதும் ஒத்துவராது. ஒத்துவந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அன்ரியின் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். உற்பத்தி 330, ஏற்றுமதி 210, இறக்குமதி 260. வீட்டின் உண்மையான பாவனையைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும்:

```
வீட்டுப் பாவனை = இறக்குமதி + உற்பத்தி − ஏற்றுமதி
              = 260 + 330 − 210 = 380
```

சோலாருக்கு முன்பும் அவருடைய பில் 380 அலகு அளவில்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே கணக்கு சரி. பில்லைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த விடை உங்கள் பழைய பாவனைக்குப் பக்கத்தில் வராமல் எக்கச்சக்கமாகக் கூடியோ குறைந்தோ வந்தால், வாசிப்பில் எங்கேயோ பிழை இருக்கிறது. ஏற்றுமதி வாசிப்பு எடுக்கப்படாமல் போன மாத எண்ணே திரும்ப வந்திருக்கலாம், அல்லது இரண்டு எண்களும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம்.

பில் எப்படி உருவாகிறது

நெட் மீட்டரிங்கில் இறக்குமதியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, மிஞ்சும் அலகுகளுக்கு மட்டும்தான் பணம் கட்டுகிறோம். அன்ரிக்கு 260 கழித்தல் 210, அதாவது 50 அலகு. பகலில் அனுப்பிய ஒரு அலகு இரவில் எடுத்த ஒரு அலகுக்குச் சமம். அதனால் வழமையான வீட்டுக் கட்டணத்தில் இருப்பவர், சலவை மெஷினைப் பகலில்தான் போட வேண்டும் என்று கவலைப்படத் தேவையில்லை. இரவில் போட்டாலும் பில் அதேதான்.

அடுத்த படிதான் முக்கியம். அந்த 50 அலகு வழமையான வீட்டுக் கட்டண அட்டவணைக்குள் புதிதாக வைத்துப் பார்க்கப்படுகிறது. நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டியவருக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை. 90, 120, 180 என்று ஒவ்வொரு எல்லையிலும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடுகிறது. கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். நான் இங்கே 2025 ஜூன் திருத்தத்தின் விலைகளை எடுத்துக்கொள்கிறேன். வரி இதில் சேராது.

சோலார் இல்லாமல் 380 அலகு என்றால் இப்படி வரும். முதல் 60 அலகு 12.75 ரூபாய்ப்படி 765. அடுத்த 30 அலகு 18.50 படி 555. அதற்கடுத்த 30 அலகு 24 படி 720. பிறகு 60 அலகு 41 படி 2,460. மிச்சம் 200 அலகு 61 ரூபாய்ப்படி 12,200. இவற்றோடு நிலையான கட்டணம் 2,100. எல்லாம் சேர்த்து 18,800 ரூபாய்.

சோலாருக்குப் பிறகு 50 அலகு. முதல் 30 அலகு 4.50 படி 135, அடுத்த 20 அலகு 8 படி 160, நிலையான கட்டணம் 210. மொத்தம் 505 ரூபாய்.

அந்த 50 ஒரு 63 ஆகியிருந்தால்? 60 எல்லையைத் தாண்டியதால் 765 உடன் 55.50, அதோடு நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,220.50. சரியாக 60இல் நின்றிருந்தால் 585தான். மூன்று அலகுக்கு 635 ரூபாய் வித்தியாசம். போன மாதமும் இந்த மாதமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பாவித்தும் பில் ஏன் இரட்டிப்பானது என்று கேட்பவர்கள் முதலில் இந்த எல்லைகளைப் பார்க்க வேண்டும்.

எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீட்டர் பார்க்க 34 நாள் கழித்து வந்தால் 60 என்ற எல்லை 68 ஆக நீளும். நாள் எண்ணிக்கை பில்லிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் வாசிப்பு பிந்தியதால் நட்டம் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஏற்றுமதி கூடினால்

அன்ரி அடுத்த மாதம் இரண்டு கிழமை யாழ்ப்பாணம் போய்விட்டார். இறக்குமதி 180, ஏற்றுமதி 230. வெளியே போனது 50 அலகு கூட. அந்த மாதம் அலகுக்குக் காசில்லை, நிலையான கட்டணம் மட்டும்தான். 50 அலகு வரவாக அவருடைய கணக்கில் ஏறியது. அதற்கடுத்த மாதம் இறக்குமதி 300, ஏற்றுமதி 180, வித்தியாசம் 120. அதிலிருந்து 50 வரவு கழிய, 70 அலகுக்குப் பில் வந்தது.

இந்த வரவு அலகாகவே இருக்கும், காசாக மாறாது. ஒப்பந்தக் காலத்துக்குள் மாதம் மாதமாக முன்னே கொண்டுபோகலாம். ஆனால் பயன்படுத்தாமல் குவிந்துகிடக்கும் வரவுக்கு நெட் மீட்டரிங்கில் யாரும் பணம் தரமாட்டார்கள். ஒவ்வொரு பில்லிலும் முன்கொண்டுவந்த வரவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அந்த வரி விடுபட்டுப்போனால், பழைய பில் கையில் இருந்தால்தான் திருத்தக் கேட்க முடியும்.

இந்தக் கணக்கு கிலோவாட் பற்றி என்ன சொல்கிறது

சோலார் விற்க வருபவர்கள் பெரும்பாலும் பெரிய அளவைத்தான் சொல்வார்கள். மேலே பார்த்த அட்டவணையை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொழும்பில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் சுமார் 110 அலகு என்று வையுங்கள். மழை மாதத்தில் குறையும், மாசி பங்குனியில் கூடும்.

380 அலகு வீட்டில் 2 கிலோவாட் போட்டால் 220 அலகு கழிந்து மிச்சம் 160. பில் 5,180. 3 கிலோவாட்டில் மிச்சம் 50, பில் 505. 4 கிலோவாட்டில் உற்பத்தி 440, பாவனையைவிட 60 கூட. பில் 80 ரூபாய், ஆகக் குறைந்த நிலையான கட்டணம் மட்டும்.

அதாவது முதல் 2 கிலோவாட் மாதம் 13,620 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் 4,675. நான்காவது வெறும் 425. 61 ரூபாய் அலகுகள்தான் முதலில் கழிகின்றன, கடைசியில் கழிபவை 4.50 ரூபாய் அலகுகள். நெட் மீட்டரிங்கில் நான்காவது கிலோவாட்டுக்குச் செலவழிக்கும் பணம் திரும்பி வராது. அடுத்த வருடம் ஏசி பூட்டப்போகிறீர்கள், மின்சாரக் கார் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது அந்தப் பாவனையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நெட் அக்கவுண்டிங் என்ற மற்றத் திட்டம் வித்தியாசப்படுவதும் இதே இடத்தில்தான். அதிலும் இறக்குமதியும் ஏற்றுமதியும் கழிபடும். ஆனால் மிஞ்சும் ஏற்றுமதிக்குப் பணம் கிடைக்கும். 2016இல் அது ஆரம்பித்தபோது முதல் 7 வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபாய், பிறகு 15.50 என்று 20 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன் பின் விலை பலமுறை மாறிவிட்டது. யாருடைய வீட்டிலோ கேட்ட விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்று ஒப்பந்தம் எழுதுபவருக்கு என்ன விலை, அது எத்தனை வருடத்துக்கு மாறாது என்பதை அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். பாவனைக்கு அளவாக மட்டும் போடுபவருக்கு நெட் மீட்டரிங் போதும். வருடம் முழுதும் மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால் நெட் அக்கவுண்டிங்கைக் கேளுங்கள். ஒன்றில் சேர்ந்தபின் மற்றதற்கு மாறலாமா, மாறினால் குவிந்த வரவு என்னவாகும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

விண்ணப்பிக்க முன்: மின்சாரம் தருபவரிடம் கேட்க வேண்டியவை

2025இல் கொழும்பு நகருக்குள் மின்சார சபை. நுகேகொடை, கோட்டே, களனி, மொறட்டுவை போன்ற பகுதிகளில் லெக்கோ. எது உங்களுடையது என்பது பில்லின் தலைப்பில் இருக்கும். உங்கள் பகுதி அலுவலகத்துக்கு ஒரு பழைய பில்லோடு நேரில் போவதுதான் நல்லது. சோலார் பூட்டும் கொம்பனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். விண்ணப்பத்தை அவர்கள் கொடுக்கட்டும். ஆனால் கீழே உள்ளவற்றுக்கு விடை உங்கள் காதில் விழ வேண்டும், அதுவும் முற்பணம் கொடுக்க முன்.

முதலாவது, டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா. உங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்போமரோடு ஏற்கனவே எத்தனை வீட்டுச் சோலார் இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அனுமதி கிடைக்கும். அது நிறைந்துவிட்டால் விண்ணப்பம் காத்திருக்கும், அல்லது கேட்டதைவிடக் குறைந்த அளவுக்கே அனுமதி வரும். பனல் வாங்கிக் கூரையில் ஏற்றிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெரிய மனவருத்தம். தொழில்நுட்ப அனுமதி எழுத்தில் வந்தபிறகு கொம்பனிக்கு முழுப்பணம் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, உங்கள் இணைப்பின் அளவு. இன்வேர்ட்டரின் அளவு உங்கள் இணைப்பின் அளவைத் தாண்டக்கூடாது. சாதாரண வீட்டில் இருப்பது 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ். 230 வோல்ட்டில் பெருக்கினால் 6.9 கிலோவோல்ட் ஆம்பியர். இது கணக்கு தரும் உச்சம். எவ்வளவு வரை அனுமதிக்கிறார்கள் என்பதை அலுவலகம்தான் சொல்லும். அதற்கு மேல் வேண்டுமென்றால் த்ரீ பேஸுக்கு மாற வேண்டும். அதற்குத் தனி விண்ணப்பம், தனிச் செலவு.

மூன்றாவது, வோல்டேஜ். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அலகை விழுங்குவது பெரும்பாலும் இதுதான். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 6 வீதம் கூடக் குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. சோலார் வெளியே தள்ளும்போது உங்கள் வீட்டு வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். பக்கத்து வீடுகளும் தள்ளினால் இன்னும் ஏறும். எல்லை தாண்டியதும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஓடும், மறுபடி நிற்கும்.

என் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. பூட்டிய கொம்பனி "முகில்தான் காரணம்" என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போனை வாங்கி ஆப்பின் வரைபடத்தைப் பார்த்தேன். முகில் மறைத்தால் கோடு மேலும் கீழும் அலையும், அடிமட்டத்துக்குப் போகாது. இதுவோ 11 மணியிலிருந்து 1 மணி வரை செங்குத்தாகப் பூச்சியத்துக்கு விழுந்து, மறுபடி செங்குத்தாக ஏறி, சீப்பின் பல்லு மாதிரி இருந்தது. பிழைப் பட்டியலைத் திறந்தால் வரிசையாக `Grid Overvoltage`. நல்ல வெயில் நேரத்து அலகெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி மெல்லியது, நீளமும் கூட. தடித்த கம்பி போட்டபின்தான் அந்தப் பல்லுகள் மறைந்தன.

ஆகவே சோலாருக்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெயில் நன்றாக அடிக்கும் ஒரு ஞாயிறு மத்தியானம் மெயின் போர்டில் வோல்டேஜை அளந்து பாருங்கள். ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கந்தோர்களும் கடைகளும் மூடியிருக்கும்போது பாவனை குறைந்து வோல்டேஜ் உயரும். அப்போதே 240ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணோடு அலுவலகத்துக்குப் போங்கள். டிரான்ஸ்போமரில் மாற்றம், பேஸ் மாற்றம், கம்பி மாற்றம் என்று அவர்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. பூட்ட வருபவர் "செட்டிங்கில் லிமிட்டைக் கூட்டிவிடுகிறேன்" என்றால் விடாதீர்கள். அது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெளியே போகும், உங்கள் ஃப்ரிட்ஜும் டிவியும் அந்தக் கூடுதல் வோல்டேஜிலேயே ஓட வேண்டியிருக்கும்.

நான்காவது, பில்லில் யாருடைய பெயர். இது எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வரும் தலையிடி. அப்பா காலமாகிப் பத்து வருடமாகியும் கணக்கு அவர் பெயரில் இருக்கும். அல்லது வீட்டுக்காரர் கனடாவில் இருப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் கணக்குக்கு உரியவராக இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வீட்டு உறுதியும் மற்றக் கடிதங்களும் தேவைப்படும், நிலுவை இருந்தால் கட்டித் தீர்க்க வேண்டும். இதைச் சோலார் விண்ணப்பத்தோடு சேர்க்காமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அடுக்குமாடி வீடென்றால் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. நிர்வாகக் குழுவின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேலை நகராது.

ஐந்தாவது, இன்வேர்ட்டர் மாதிரி. கொம்பனி தரும் விலைப்பத்திரத்தில் உள்ள அதே மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று மாதிரி எண்ணைக் காட்டிக் கேளுங்கள். பூட்டும் கொம்பனி இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகாரசபையில் பதிவுள்ளதா என்பதையும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் கடைசியாக ஒன்று கேட்க இருக்கிறது: சோலாரை நிறுத்தச் சொன்னால் என்ன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின் பாவனை குறைந்ததால், ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. நிறுத்தி வைத்த நேரத்தில் வரவு ஏறாது. இப்படியான நிறுத்தங்கள் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, தூரத்திலிருந்து இன்வேர்ட்டரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். மின்தடை நேரத்திலும் பேட்டரி இல்லாத இன்வேர்ட்டர் நின்றுவிடும். வெளியில் கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

மீட்டர் மாற்றும் நாள்

அனுமதி வந்து, மதிப்பீட்டுப் பணம் கட்டி, பனல் பூட்டி, பரிசோதனையும் முடிந்தபின் மீட்டர் மாற்ற வருவார்கள். அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். பழைய மீட்டர் கழற்ற முன் அதன் கடைசி எண்ணை ஒரு படம். புதிய மீட்டரின் 1.8.0, 2.8.0 இரண்டையும் மீட்டர் இலக்கத்தோடு சேர்த்து இன்னொரு படம். மீட்டர் மாறும் வரை இன்வேர்ட்டரை ஓடவிட வேண்டாம். பழைய மீட்டரில் ஏற்றுமதிக் கணக்கு இல்லை, வெளியே போன அலகு வரவாகாது. சில டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போவதையும் பாவனையாகவே கூட்டிவிடும்.

முதல் பில்லில் பழைய மீட்டரின் நாட்களும் புதிய மீட்டரின் நாட்களும் கலந்திருக்கலாம். அதை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்க அந்த இரண்டு படங்களும்தான் வேண்டும். இரண்டாவது பில்லிலிருந்து, மீட்டர் பார்க்க வரும் நாளிலேயே நீங்களும் இரண்டு எண்ணையும் ஆப்பின் மாத உற்பத்தியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். விடை பழைய பாவனைக்குப் பக்கத்தில் வராவிட்டால் கொப்பியோடு பகுதி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அன்ரியின் கொப்பி அவருடைய மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணியில் தொங்குகிறது.